26 வாரம் சரி, எத்தனை ரூபாய்?

கோவை மாவட்டத்து மலைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு 1967 டிசம்பரில் குழந்தை பிறந்தது. அப்போது மகப்பேறு விடுப்பு 12 வாரம்தான். தோட்ட நிர்வாகம் வாரத்துக்கு 6 நாள் என்று கணக்குப் போட்டு 72 நாள் கூலியைக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையும் இல்லை, கூலியும் இல்லை, அதனால் அந்த 12 ஞாயிறுகளுக்குத் தர வேண்டியதில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். வாரம் என்றால் 7 நாள், 84 நாள் கூலி வேண்டும் என்று அந்தப் பெண் கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 1977 அக்டோபரில்தான் முடிவு வந்தது: ஞாயிறும் சேர்ந்ததுதான் வாரம், 84 நாளுக்கும் கொடு. அதற்குள் அந்தக் குழந்தை பத்து வயதை நெருங்கியிருக்கும்.

இன்று விடுப்பு 26 வாரம். 2017-ல் நடந்த திருத்தத்துக்குப் பிறகு இந்த எண் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த 26 வாரத்துக்கு எவ்வளவு பணம், அதை யார் கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டால் கொடுக்க வேண்டிய அலுவலகத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் இந்தக் கட்டுரை வாரத்தைவிடப் பணத்தைப் பற்றியே அதிகம் பேசும்.

முதலில் சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 1961-ம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் இப்போது தனிச் சட்டமாக இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயமாக அது மாறியிருக்கிறது. பழைய சட்டத்தின் பெரும்பகுதி அப்படியே இடம்பெயர்ந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வைத்திருக்கிறார்கள். அந்த இடம் சம்பளம் என்பதால், அதை விவரமாகப் பார்க்க வேண்டும்.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்தப் பணம் இரண்டு வழிகளில் ஒன்றில் வரும். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. பிடிப்பார்கள், அப்போது மகப்பேறு காலச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கும். சம்பளம் அதற்கு மேல் என்றால் முழுத் தொகையும் முதலாளியின் பையிலிருந்து வர வேண்டும். சிறு நிறுவனங்கள் கல்யாணமான இளம் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவதற்கு இந்த இரண்டாவது வழி ஒரு காரணம் என்பது என் எண்ணம். அரசு ஒரு பங்கைக்கூடச் சுமக்காமல் ஆறு மாதச் சம்பளத்தை ஒரே தலையில் இறக்கியிருக்கிறார்கள். அது வேறு விவாதம். சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது அதனால் குறைவதில்லை.

முதலாளி கொடுக்க வேண்டிய வழியை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தேன்மொழி என்று ஒரு பெண் கோவையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் குழந்தை. மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதி 2026 செப்டம்பர் 14. அவர் அந்த அலுவலகத்தில் சேர்ந்தது அதே ஆண்டு ஜனவரியில்தான். புதிதாகச் சேர்ந்தவருக்கு எப்படி என்ற கேள்வி வரும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். சட்டப்படியான சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாள்களும் இந்த 80-ல் சேரும். ஆறு மாதம் முடித்தால்தான், ஒரு வருடம் முடித்தால்தான், வேலை நிரந்தரமானால்தான் என்று நிறுவனங்கள் தம் கையேட்டில் எழுதிவைத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பிரசவத் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். அப்படியானால் தேன்மொழி ஜூலை 20 முதல் விடுப்பில் போகலாம். 26 வாரம் என்றால் 182 நாள். விடுப்பு 2027 ஜனவரி 17-ல் முடிந்து மறுநாள் திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். உடம்பு இடம் கொடுத்து, ஆகஸ்ட் 30 வரை வேலை பார்த்துவிட்டு 31-ம் தேதி விடுப்பில் போனால், குழந்தையோடு இருக்கும் காலம் நீண்டு பிப்ரவரி 28 வரை போகும். முன்னால் எத்தனை வாரம், பின்னால் எத்தனை வாரம் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். குழந்தை ஒரு வாரம் முன்பின்னாகப் பிறந்தாலும் மொத்தம் 182 என்பது மாறாது. பிரசவத்துக்குப் பின் முதல் 6 வாரம் மட்டும் அவரே விரும்பினாலும் நிறுவனம் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு நாளுக்கு எவ்வளவு? விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் நாள் சராசரிதான் அளவு. தேன்மொழிக்குக் கையில் வருவதும் பிடித்தமுமாக மாதம் 50,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 28,000. மீதி 22,000 வீட்டு வாடகைப் படி, பயணப் படி முதலானவை. பழைய சட்டத்தில் வீட்டு வாடகைப் படியும் மற்ற ரொக்கப் படிகளும் சம்பளத்துக்குள் வந்தன. கிட்டத்தட்ட 50,000-ஐ வைத்தே கணக்குப் போட்டிருப்பார்கள். ஆறு மாதத்துக்குச் சுமார் 3 லட்சம். புதிய தொகுப்புச் சட்டத்தின் சம்பள வரையறையில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்தான் முக்கியம். வீட்டு வாடகைப் படியும் பயணப் படியும் வெளியே போய்விட்டன. ஆக, ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கு 84,000 ரூபாய். அதை 91 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 923 ரூபாய். 182 நாளுக்கு 1,68,000 ரூபாய்.

இது சட்டம் வைக்கும் குறைந்தபட்ச அளவு. பல நிறுவனங்கள் வழக்கம்போல முழு மாதச் சம்பளத்தையே கொடுத்துவருகின்றன. ஆனால் ‘புதுச் சட்டப்படி இவ்வளவுதான்’ என்று ஒரு நிறுவனம் கையை விரித்தால், உங்கள் நியமனக் கடிதத்திலும் நிறுவன விதிகளிலும் மகப்பேறு விடுப்புக்கு முழுச் சம்பளம் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் அந்தக் கூடுதலைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இன்னொன்று, படிகளை ஊதிப் பெருக்கி அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கும் பழக்கத்துக்குப் புதிய சட்டம் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. வெளியே நிறுத்தும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்ந்துவிடும். தேன்மொழியின் அடிப்படைச் சம்பளம் 20,000, படிகள் 30,000 என்று இருந்திருந்தால், கணக்குக்கு 20,000-ஐ எடுக்க முடியாது. 25,000-ஐ எடுக்க வேண்டும். எனவே கருவுற்றது தெரிந்தவுடன் முதல் வேலையாகச் சம்பளச் சீட்டை எடுத்து, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நாள் கூலிப் பெண்களுக்குக் கணக்கு வேறு விதம். ஒரு நாளைக்கு 600 ரூபாய் கூலி, வாரம் 6 நாள் வேலை என்றால், சராசரி அதே 600. அதை எத்தனை நாளால் பெருக்குவது? இங்கேதான் அந்தத் தோட்டத் தொழிலாளியின் வழக்கு கைகொடுக்கிறது. 156 வேலை நாளால் பெருக்கினால் 93,600 ரூபாய். 182-ஆல் பெருக்கினால் 1,09,200. நடுவில் 15,600 ரூபாய் நிற்கிறது. 1977-லேயே தீர்ந்துபோன விஷயம்தான், ஆனாலும் ஞாயிறைக் கழிக்கும் கணக்குப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

பணம் எப்போது வர வேண்டும் என்பதில் சட்டம் சொல்வதற்கும் நடப்பதற்கும் வெகு தூரம். மாதம் பிறந்தால் சம்பளம் மாதிரி வரும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நிறுவனங்களும் அப்படித்தான் கொடுக்கின்றன. சட்டம் சொல்வது வேறு. கருவுற்றதற்கான சான்றைக் கொடுத்ததும், பிரசவத் தேதிக்கு முந்தைய நாள்களுக்கான தொகையை முன்பணமாகவே கொடுத்துவிட வேண்டும். தேன்மொழிக்கு 56 நாளுக்குச் சுமார் 51,690 ரூபாய். குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதி 126 நாளுக்கான தொகை, சுமார் 1,16,310 ரூபாய், மொத்தமாகக் கைக்கு வர வேண்டும். மருத்துவமனைச் செலவு கழுத்தைப் பிடிக்கும் வாரத்தில் இந்த விதியின் அருமை புரியும். மாதா மாதம் வாங்கிக்கொள்ள உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி. ஆனால் ‘நீங்கள் திரும்பி வந்து சேர்ந்த பிறகுதான் தருவோம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது விதிமீறல். இதோடு, பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் இலவச மருத்துவ வசதியை நிறுவனம் தராவிட்டால், மருத்துவ ஊக்கத்தொகை என்று தனியாக 3,500 ரூபாய் உண்டு. இன்றைய மருத்துவமனைக் கட்டணத்தில் அது எந்த மூலைக்கு என்று கேட்காதீர்கள். 2011-க்குப் பிறகு அந்த எண் நகரவில்லை.

இனி ஈ.எஸ்.ஐ. வழி. மாதம் 16,000 ரூபாய் வாங்கும் பெண்ணிடம் 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய் பிடிப்பார்கள்; முதலாளி 3.25 சதவீதமாக 520 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். பிரசவ நேரத்தில் 26 வாரத்துக்கு முழுச் சராசரிக் கூலி கழகத்திலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வரும். நிறுவனத்தின் தயவு வேண்டாம் என்பது இதில் பெரிய நிம்மதி. ஆனால் நாள் கணக்கு இங்கே வேறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதலாவதில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலும், இரண்டாவதில் கட்டியதற்கான பலன் ஜூலை முதல் டிசம்பர் வரையிலும் கிடைக்கும். பிரசவம் எந்தப் பலன் காலத்தில் விழுகிறதோ, அதற்குரிய சந்தா காலத்திலும் அதற்கு முந்தையதிலுமாகச் சேர்த்து 70 நாளுக்குச் சந்தா போயிருக்க வேண்டும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 2026 ஏப்ரல் 1-ல் முதல்முறையாக வேலைக்குச் சேர்கிறார் ஒரு பெண். பிரசவத் தேதி நவம்பர் 20. ஏப்ரலிலிருந்து மாதா மாதம் சந்தா பிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சந்தாவின் பலன் காலம் 2027 ஜனவரியில்தான் பிறக்கிறது. நவம்பருக்குரிய சந்தா காலம் முந்தைய மார்ச்சோடு முடிந்துவிட்டது. அப்போது அவர் வேலையிலேயே இல்லை. ஈ.எஸ்.ஐ. அலுவலகம் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பும். கம்பெனியோ, “அதான் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறோமேம்மா, அங்க போய்க் கேளுங்க” என்று சொல்லும். இப்படி இரண்டு பக்கமும் அலைந்துவிட்டு, சரி, நம் தலையெழுத்து என்று வீட்டோடு இருந்துவிடுகிற பெண்கள் உண்டு.

சட்டம் இந்தப் பள்ளத்தை மூடித்தான் வைத்திருக்கிறது. நிறுவனம் ஈ.எஸ்.ஐ.-யின் கீழ் வந்தாலும், அந்தப் பெண் ஈ.எஸ்.ஐ. மகப்பேறு பலனுக்குத் தகுதி பெறும்வரை முதலாளியே கொடுக்க வேண்டும் என்று புதிய தொகுப்புச் சட்டத்தின் 61-வது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. மேலே சொன்ன பெண் செப்டம்பர் 25-ல் விடுப்பில் போனால் அதற்குள் 80 நாளைத் தாராளமாகத் தாண்டியிருப்பார். ஆக, கம்பெனிதான் கொடுக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. அலுவலகம் தகுதி இல்லை என்று சொல்வதை எழுத்தில் வாங்கி, அந்தத் தாளோடு கம்பெனியிடம் போக வேண்டும். அதே பெண் இதற்கு முன் வேறு கம்பெனியில் ஈ.எஸ்.ஐ.-யில் இருந்திருந்தால் நிலைமை வேறு. பழைய காப்பீட்டு எண்ணையே புதிய இடத்திலும் கொடுத்திருந்தால் அந்தச் சந்தாவும் சேர்ந்து கணக்காகும். புது எண் போட்டுவிட்டார்கள் என்றால் பழைய நாள்கள் கணக்கில் தெரியாது. சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் விடும் முதலாளிகளும் உண்டு என்பதால், ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு மாதா மாதம் சந்தா ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு பார்த்துப் பயனில்லை.

இரண்டு குழந்தை இருக்கும்போது மூன்றாவது பிறந்தால் விடுப்பே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 26 வாரம் 12 ஆகக் குறையும், அவ்வளவுதான். அதில் பிரசவத்துக்கு முன்னால் 6 வாரம் வரை எடுக்கலாம். தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு தரும் விதி தனி. அதில் இருந்த இரண்டு குழந்தை வரம்பைக் காட்டித்தான் அவருக்கு மறுத்திருந்தார்கள். தத்தெடுத்த தாய்க்கும், வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற்ற தாய்க்கும் 12 வாரம். கரு கலைந்தால் 6 வாரம்; பேறுகாலத்தால் வந்த நோய் என்றால் மருத்துவச் சான்றின் பேரில் இன்னும் ஒரு மாதம். இவை எல்லாமே சம்பளத்தோடு.

ஒப்பந்த வேலையில் இருப்பவர்களின் கேள்வி, ஒப்பந்தம் நடுவில் முடிந்தால் என்ன ஆகும் என்பது. டெல்லியில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு பெண் மருத்துவர் 2017 ஜூன் 1 முதல் விடுப்புக் கேட்டார். அவருடைய ஒப்பந்தம் ஜூன் 11-ல் முடிகிறது என்று காட்டி 11 நாளுக்கு மட்டும் பலனைக் கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. தகுதி வந்துவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் முழுக் காலத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், அந்தக் காலத்தில் முடியும்படி முன்னறிவிப்புக் கொடுப்பதும், சம்பளத்தையோ பதவியையோ குறைப்பதும் சட்டவிரோதம். கர்ப்ப காலத்திலேயே நீக்கினாலும் மகப்பேறு பலனைக் கொடுத்தாக வேண்டும். இது தெரிந்த நிர்வாகங்கள் நீக்குவதில்லை. இனிக்க இனிக்கப் பேசுகின்றன. “இப்போதைக்கு ராஜினாமா கொடுத்துட்டுப் போங்க, குழந்தை வளர்ந்ததும் திரும்ப எடுத்துக்கறோம்.” அந்தக் கையெழுத்தோடு நீங்களாக விலகியவர் ஆகிவிடுகிறீர்கள். பிறகு அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது மலையேறும் வேலை.

திரும்பி வந்த பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளைக்கு மேல் நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும். ஆணும் பெண்ணுமாக 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து, நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும். வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை என்றால் இருவரும் பேசி ஒத்துக்கொண்டு அப்படிச் செய்யலாம். அது உரிமை அல்ல, ஒப்பந்தம். இந்த விதிகளின் சுருக்கத்தை வட்டார மொழியில் எழுதி, பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியிலும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டியதும் முதலாளியின் கடமைதான். உங்கள் அலுவலகச் சுவரில் அது இருக்கிறதா என்று நாளைக்கு ஒருமுறை பாருங்கள்.

செய்ய வேண்டியது ஒரு கடிதம். எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும், அந்தக் காலத்தில் வேறு எங்கும் வேலை செய்ய மாட்டேன் என்ற உறுதி: இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். மருத்துவச் சான்றை இணைத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவசரத்தில் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கலாம். கடிதம் தாமதமானது என்பதற்காகப் பலனை மறுக்க முடியாது. கடிதம் கொடுத்தும் பணம் வரவில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். விசாரித்து, தொகையைக் கொடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் அங்கே உள்ள ஆய்வு அதிகாரிக்கு உண்டு. புகாரோடு கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும், கையெழுத்து வாங்கிய அந்த நகலும் இருக்கட்டும்.